காரீயம் வீடு திரும்பும் வழி

நுழையும்முன்

மின்சாரம் நின்ற இரவில் விளக்கையும் விசிறியையும் இயக்குவது இன்வெர்ட்டரோடு இணைந்த மின்கலம். ஊர்திகளின் பொறியைத் தொடக்கிவைப்பதும் அத்தகைய மின்கலமே. சில ஆண்டுகள் உழைத்தபின் அது ஓய்ந்துவிடுகிறது. ஓய்ந்த மின்கலத்தை எவரிடம் விற்கிறோம் என்பது வெறும் விலைப் பேச்சு அன்று. அதனுள் இருக்கும் காரீயம் மீண்டும் மின்கலமாகுமா, ஏதோ ஒரு தெருவின் மண்ணில் கலக்குமா என்பதை அந்த விற்பனையே முடிவு செய்கிறது.

ஈயம் இரண்டு

ஈயம் என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். பாட்டி இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்புறம் பூசப்படுவதும் அதுவே. மின்கலத்தில் இருப்பது காரீயம். கருமை கலந்த சாம்பல் நிறமும் மிகுந்த எடையும் நகத்தால் கீறக்கூடிய மென்மையும் உடைய இது, மனித உடலுக்கு எவ்வகையிலும் பயன்படாத நஞ்சு. பெயர் ஒன்றாயினும் இரண்டும் வெவ்வேறு தனிமங்கள் என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

பிரான்சு நாட்டு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் காரீய அமில மின்கலத்தை உருவாக்கினார். இன்று நம் வீட்டிலிருக்கும் 12 வோல்ட் மின்கலமும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது. அதற்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. ஒவ்வோர் அறையிலும் காரீயத் தகடுகளும் காரீய டைஆக்சைடு பூசிய தகடுகளும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியுள்ளன. மின்சாரம் வெளியேறும்போது இரு வகைத் தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. மின்னேற்றம் செய்யும்போது பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இம்மாற்றம் ஒவ்வொரு முறையும் முழுமையாக நிகழ்வதில்லை. நெடுநாள் மின்னேற்றம் இன்றிக் கிடந்தாலோ, வடிநீர் குறைந்து தகடுகள் வெளியே தெரிந்தாலோ சல்பேட்டு கடினமான படிகமாக இறுகிவிடுகிறது. தகட்டுச் சட்டங்கள் அரிக்கப்படுகின்றன. பூச்சு உதிர்ந்து அடியில் படிகிறது. மின்கலம் ஓய்வது இவ்வாறுதான். இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. மின்கலம் ஓய்ந்தாலும் அதிலுள்ள காரீயம் குறைவதில்லை. வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது. அதனாலேயே பழைய மின்கலத்தை வாங்குவதற்கு இத்தனைபேர் போட்டியிடுகின்றனர்.

எடையும் விலையும்

மதுரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே 150 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள இன்வெர்ட்டர் மின்கலம் ஒன்று ஓய்ந்துவிட்டது. அமிலத்தோடு அதன் எடை 57 கிலோகிராம். அதில் அமிலம் ஏறத்தாழ 18 கிலோகிராம், நெகிழிப் பெட்டி முதலியன 5 கிலோகிராம். எஞ்சிய 34 கிலோகிராம் காரீயமும் அதன் சேர்மங்களும் ஆகும்.

புதிய மின்கலம் விற்கும் முகவர், பழையதைத் திறக்காமல் கொடுத்தால் கிலோவுக்கு 80 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். மறுநாள் தெருவில் மூன்று சக்கர வண்டியில் வரும் காயலான் கடைக்காரர், “அமிலத்தைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள் அம்மா, கிலோவுக்கு நூற்றுப்பத்து தருகிறேன்” என்கிறார். (இவ்விலைகள் கணக்கு விளங்குவதற்காகக் கூறப்பட்டவை, காரீயத்தின் சந்தை விலையோடு அவையும் ஏறி இறங்கும்.)

எண்பதைவிட நூற்றுப்பத்து பெரிது என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் எடை எது என்று கேட்க வேண்டும். முகவரிடம் 57 கிலோவும் எடைபோடப்படுகிறது. 57ஐ 80ஆல் பெருக்க 4,560 ரூபாய் கிடைக்கிறது. அமிலத்தைக் கொட்டினால் எஞ்சுவது 39 கிலோ; 39ஐ 110ஆல் பெருக்க 4,290 ரூபாய்தான் வருகிறது. கூடுதலாகத் தோன்றிய விலை உண்மையில் 270 ரூபாய் குறைவு. அதற்குமேல், ஏறத்தாழ 15 லிட்டர் அமிலம் வீட்டுச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றப்பட்டிருக்கும். அந்த அமிலம் மண்ணை எரிப்பதோடு நிற்பதில்லை. தகடுகளிலிருந்து உதிர்ந்த காரீயத்துகளும் அதில் கலந்துள்ளன. அமிலத்தின் கடுமை நாளடைவில் தணியும். காரீயம் அங்கேயே தங்கிவிடும்.

எனவே, விலை கேட்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘அமிலத்தோடு எடையா, அமிலம் நீக்கிய எடையா?’ என்பதே. இரண்டையும் மொத்தத் தொகையாக மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

சில வேளைகளில் காயலான் கடைக்காரர் அமிலத்தோடு எடைபோட்டே கூடுதல் விலை தருவதும் உண்டு. கிலோவுக்கு 85 ரூபாய் என்றால் 4,845 ரூபாய். முகவர் தருவதைவிட 285 ரூபாய் மிகுதி. ஒரு குடும்பத்திற்கு அது புறக்கணிக்கத்தக்க தொகை அன்று. அந்த 285 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய வேண்டுமானால், மின்கலம் செல்லும் இரு வழிகளையும் பின்தொடர வேண்டும்.

உருக்காலையின் வழி

அரசின் ஒப்புதல் பெற்ற உருக்காலையில் மின்கலம் திறக்கப்படாமல் உள்ளே வருகிறது. மூடிய கூடத்தில், பொறியால் அது உடைக்கப்படுகிறது. வடியும் அமிலம் தொட்டியில் சேர்க்கப்பட்டு, சுண்ணாம்பு போன்ற காரப்பொருளால் நடுநிலையாக்கப்படுகிறது. உடைந்த துண்டுகள் நீர்த்தொட்டிக்குள் செல்கின்றன. பெட்டியின் நெகிழி நீரைவிட இலேசானது, அது மிதக்கிறது. காரீயம் மூழ்குகிறது. நெகிழி கழுவப்பட்டு மீண்டும் பொருள்களாக வார்க்கப்படுகிறது.

காரீயச் சட்டங்களை உருக்குவது எளிது. காரீயத்தின் உருகுநிலை 327 டிகிரி செல்சியசு மட்டுமே. கடினமானது தகடுகளின் மேலிருக்கும் களிம்பு. அதில் காரீய சல்பேட்டும் ஆக்சைடும் உள்ளன. அவற்றிலிருந்து உலோகத்தைப் பிரிக்க, கரியும் இரும்பும் சேர்த்து ஏறத்தாழ 1,000 டிகிரி வெப்பத்தில் சுழலும் உலையில் வேகவைக்க வேண்டும். அவ்வெப்பத்தில் காரீயத்தின் ஒரு பகுதி ஆவியாகிப் புகையோடு எழுகிறது. குளிர்ந்தவுடன் அப்புகை கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளாக மாறுகிறது. உருக்காலையின் பெருஞ்செலவு இத்துகளைப் பிடிப்பதில்தான் உள்ளது. உறிஞ்சு விசிறிகள் புகையை இழுத்துக் குழாய்களில் குளிர்வித்து, வரிசையாகத் தொங்கும் துணிப்பை வடிகட்டிகளின் வழியே செலுத்துகின்றன. பின்னர் நீர் தெளித்துக் கழுவியே புகைபோக்கிக்கு அனுப்புகின்றன. பைகளில் தங்கிய தூசி மீண்டும் உலைக்கே செல்கிறது. எஞ்சும் கசடு, தீங்கான கழிவுகளுக்கென நீர் கசியாதவாறு அமைக்கப்பட்ட நிலநிரப்பு இடத்திற்கு அனுப்பப்படுகிறது. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அத்தகைய இடம் உள்ளது.

இறுதியில் தூய்மையாக்கப்பட்ட காரீயம் கட்டிகளாக வார்க்கப்பட்டு மின்கல ஆலைக்குத் திரும்புகிறது. எத்தனை முறை உருக்கினாலும் காரீயம் தன் பண்பை இழப்பதில்லை. பிறந்த இடத்திற்கே அது மீண்டும் மீண்டும் வீடு திரும்பலாம்.

கொல்லைப்புற உலையின் வழி

மற்றொரு வழியில் மின்கலம் கோடரியால் பிளக்கப்படுகிறது. அமிலம் தரையில் ஊற்றப்படுகிறது. தகடுகள் தரையில் தோண்டிய குழியிலோ திறந்த பானையிலோ கரியோடு இட்டு உருக்கப்படுகின்றன. உருகுநிலை குறைவு என்பதே இங்கே கேடாகிறது. சாதாரண அடுப்புக்கரியும் ஊதுலையும் போதுமானவையாகிவிடுகின்றன. களிம்பைச் சரிவர உருக்கும் வெப்பம் கிட்டாததால் காரீயத்தின் கணிசமான பகுதி கசடிலேயே தங்கிவிடுகிறது. மற்றொரு பகுதி புகையாகிறது. அப்படியிருந்தும் இவர்களால் கூடுதல் விலை தர முடிகிறது. அமிலத்தை நடுநிலையாக்கும் செலவில்லை, வடிகட்டிப் பைகள் இல்லை, கசடைக் கொண்டுசேர்க்கும் செலவில்லை, வரியும் இல்லை. நாம் கூடுதலாகப் பெறும் 285 ரூபாய், செய்யாமல் விடப்பட்ட இப்பணிகளின் விலைதான்.

அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் தலையில் ஏறுகிறது. அதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு துயரச் சான்று உண்டு. செனகல் நாட்டின் தலைநகர் டக்காரின் புறநகர்ப் பகுதி தியாரோய்-சூர்-மேர். அங்கே பல ஆண்டுகளாகத் தெருவோரத்தில் மின்கலங்கள் உடைக்கப்பட்டு வந்தன. மணலில் காரீயத்துகள் மண்டிக்கிடந்தது. உலகச் சந்தையில் காரீய விலை உயர்ந்தபோது அம்மணலுக்கும் விலை வந்தது. மக்கள் மணலை வாரி, சாக்குகளில் கட்டி வீட்டிற்குக் கொண்டுவந்து சலித்துக் காரீயம் பிரித்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரையிலான ஐந்து மாதங்களில் அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். பின்னர் அவர்களின் உடன்பிறந்தோர் உள்ளிட்ட 50 குழந்தைகளின் குருதியைச் சோதித்தபோது, ஒரு டெசிலிட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 130 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே அக்காரீயம் எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து நீக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

குழந்தைகளே ஏன் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்? அவர்கள் தரையில் தவழ்கின்றனர். கையை வாயில் வைக்கின்றனர். விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாக அவர்கள் உடல் ஈர்த்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்தைப் போலவே நடந்துகொள்ளும் காரீயம் எலும்பில் குடியேறிப் பல்லாண்டுகள் தங்குகிறது. வளரும் மூளையில் நரம்புகளின் இணைப்பைக் குலைக்கிறது. குருதியில் சிவப்பணு உருவாவதைத் தடுக்கிறது. அளவு குறைவாயின் வெளிப்படையான நோய் எதுவும் தோன்றாது. பாடத்தில் கவனம் சிதறும், கற்றல் மந்தமாகும், சோகை காணும். இவற்றுக்குக் காரணம் காரீயம் என எவரும் ஐயுற மாட்டார்கள். உருக்கும் தொழிலாளியின் சட்டையில் ஒட்டிய தூசியே அவர் வீட்டுக் குழந்தைக்கு நஞ்சாவதும் உண்டு. அத்தொழிலாளியைக் குற்றவாளியாகக் காண்பதில் பயனில்லை. முதற்பாதிப்பு அவருக்கே நேர்கிறது.

முறையாக விற்பது எவ்வாறு?

இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் மின்கல விதிகள், பழைய மின்கலத்தைத் திருப்பித் தருவோர்க்கு முகவர்கள் தள்ளுபடி அளிக்க வேண்டும் என்றன. அவற்றின் இடத்தில் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, பயன்பட்ட மின்கலம் மறுசுழற்சிக்குச் செல்வதை உறுதிசெய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. நுகர்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. வீட்டுக் குப்பையோடு கலக்காமல், திரட்டுதலிலோ மறுசுழற்சியிலோ முறையாக ஈடுபட்டுள்ளோரிடம் மின்கலத்தை ஒப்படைக்க வேண்டும். மின்கலத்தின் மேல் குறுக்குக்கோடிட்ட குப்பைத்தொட்டியின் படமும் Pb என்னும் எழுத்துகளும் இருப்பதைக் காணலாம். Pb என்பது காரீயத்தின் வேதிக் குறியீடு.

விற்பதற்கு முன், மின்கலம் மெய்யாகவே ஓய்ந்ததா என அறிவது நன்று. வடிநீர் குறைந்ததாலேயே தளர்ந்த மின்கலம், நீர் நிரப்பி முழுமையாக மின்னேற்றம் செய்தபின் மீண்டும் உழைக்கலாம். மின்னேற்றத்திற்குப் பின் மின்பணியாளர் ஒவ்வோர் அறையின் அமிலத்தையும் நீர்மமானியால் அளப்பார். நல்ல அறைகளில் ஒப்படர்த்தி 1.25 அளவில் இருக்க, ஓர் அறையில் மட்டும் 1.15 எனக் காட்டினால் அந்த அறை பழுதாகிவிட்டது. விற்கும் காலம் வந்துவிட்டது.

குடும்பத்தினர் நேரே உருக்காலைக்குச் செல்லத் தேவையில்லை. சென்றாலும் ஒரு மின்கலத்தை அங்கே வாங்குவது அரிது. புதிய மின்கலம் வாங்கும் முகவரிடமே பழையதைக் கொடுப்பது எளிய வழி. அவரிடமிருந்து அது நிறுவனத்தின் திரட்டு மையம் வழியாக உருக்காலையை அடைகிறது. மதுரை வீட்டார் முகவரிடம் மூன்று செய்திகளைக் கேட்கலாம்: பழைய மின்கலம் எங்கே அனுப்பப்படுகிறது, எடை அமிலத்தோடு கணக்கிடப்படுகிறதா, மாற்றுத் தொகை விலைப்பட்டியலில் தனியே காட்டப்படுமா. மூன்றாவது கேள்வி முதன்மையானது. புதிய மின்கலத்தின் விலையை முதலில் தனியாகவும், பழையதற்குரிய தொகையைப் பின்னர்த் தனியாகவும் கேட்டால்தான் ஒன்றை உயர்த்தி மற்றொன்றில் தள்ளுபடி காட்டுவதைக் கண்டுகொள்ள முடியும். பற்றுச்சீட்டில் மின்கலத்தின் கொள்ளளவு, வரிசை எண், எடை, தொகை ஆகியவை இருத்தல் வேண்டும்.

மின்கலத்தைக் கழற்றுவது மாணவர்களின் பணி அன்று. மின்பணியாளர் இன்வெர்ட்டரை நிறுத்தி, முதலில் எதிர்முனைக் கம்பியையும் பிறகு நேர்முனைக் கம்பியையும் கழற்றுவார். முனைகளின்மேல் ஒட்டுநாடா சுற்ற வேண்டும். ஒரு சாவிக்கொத்து இரு முனைகளிலும் பட்டால்கூடத் தீப்பொறி பறக்கும். அருகில் தீயோ புகைப்பதோ கூடாது. மின்கலத்திலிருந்து ஐதரசன் வளிமம் வெளியேறியிருக்கலாம். ஐம்பத்தேழு கிலோவை இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். சாய்க்காமல், நெகிழித் தட்டில் நிமிர்த்தி வைத்தே வண்டியில் ஏற்ற வேண்டும். அமிலம் சிந்தினால் அதன்மேல் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் துடைக்க வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால் சோடாவை நாடாமல், நெடுநேரம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பள்ளி, மருத்துவமனை, பேருந்துப் பணிமனை போன்ற இடங்களில் ஒரே நேரத்தில் பல மின்கலங்கள் ஓய்வடையும். பள்ளிக் கணினி ஆய்வகத்தின் தடையிலா மின்வழங்கியை நினைத்துப் பாருங்கள். அத்தகைய நிறுவனங்கள் ஏலமிடும்போது, மிகுந்த விலை தருபவர் என்பதோடு, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் என்னும் தகுதியையும் கட்டாயமாக்க வேண்டும். காட்டப்படும் சான்றில் மூன்றைப் பார்க்க வேண்டும்: அது காரீய அமில மின்கலத்திற்கு உரியதா, காலம் முடிந்துவிட்டதா, ஆண்டுக்கு எத்தனை டன் வரை ஒப்புதல் உள்ளது. பதிவு பெற்றவர் பெயரைச் சொல்லி வாங்கி, வேறிடத்தில் விற்பதும் நடக்கும். ஆதலால் பொருள் உருக்காலையைச் சென்றடைந்ததற்கான ஒப்புகைச் சீட்டையும் கேட்டுப் பெற வேண்டும்.

ஒப்புதல் என்பது ஒரு தொடக்கம்தான். வடிகட்டிப் பை கிழிந்தும் மாற்றப்படாத உருக்காலையும் சுற்றுப்புறத்தைக் கெடுக்கும். ஆயினும் அதற்கு முகவரி உண்டு. ஆய்வுக்கு அதிகாரிகள் செல்லலாம், மண்ணைச் சோதிக்கலாம், மூடவும் ஆணையிடலாம். இரவில் புகைந்து காலையில் இடம்மாறும் குழி உலைக்கு அந்த முகவரி இல்லை. ஒரு பகுதியில் பிளந்த கறுப்புப் பெட்டிகள் குவிந்திருப்பதும், சாம்பல் நிறக் கசடு கிடப்பதும், இரவில் நெடியோடு புகை எழுவதும், சுற்றிலும் புல் கருகியிருப்பதும் அதன் அடையாளங்கள். அவ்விடத்து மண்ணைத் தொடாமல், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

மதுரை வீட்டுக் கணக்கிற்குத் திரும்புவோம். அமிலத்தைக் கொட்டி விற்றிருந்தால் 270 ரூபாய் இழப்பு. கொட்டாமல் காயலான் கடைக்கு விற்றிருந்தால் 285 ரூபாய் வரவு. வீட்டார் மின்கலத்தைத் திறக்காமல் முகவரிடமே கொடுத்து, பற்றுச்சீட்டில் 57 கிலோ என்றும் 4,560 ரூபாய் என்றும் எழுதி வாங்கிக்கொண்டனர். பெறாமல் விட்ட 285 ரூபாய்க்கு ஈடாக, 34 கிலோ காரீயமும் 15 லிட்டர் அமிலமும் எவர் வீட்டு வாசலிலும் சேரவில்லை.